ஆஃபர் இல்லாமல் பேப்பர் போடலாமா?

சென்னை ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் பலருக்கு இது பழகிப்போன அனுபவம். இன்டர்வியூ நன்றாகத்தான் போகும். "நோட்டீஸ் பீரியட் எவ்வளவு?" என்று கேட்பார்கள். "90 நாள்" என்று சொன்னதும் அந்தப் பக்கம் சுருதி இறங்கிவிடும். அவர்களுக்கு ஒரு மாதத்துக்குள் ஆள் வேண்டும். நௌக்ரி தளத்தில் ஆள் தேடுகிறவர்கள், ஏற்கெனவே நோட்டீஸில் இருப்பவர்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்கவும் வசதி இருக்கிறது. கையில் ஆஃபர் இல்லாமலே பலர் பேப்பர் போடுவதற்கு இதுதான் காரணம்.

ஆனால், தடையாக இருப்பது நோட்டீஸ் பீரியட்தானா என்பதை ராஜினாமாவுக்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட முடியும். வேலையில் இருந்துகொண்டே நான்கு வாரம் மும்முரமாக விண்ணப்பியுங்கள். எந்த இடத்தில் கதவு மூடுகிறது என்று குறித்து வையுங்கள். அழைப்பே வரவில்லை என்றால், உங்கள் திறமைக்குச் சந்தையில் இப்போது தேவை குறைவு, அல்லது ரெஸ்யூமேயில் அது தெரியவில்லை. டெக்னிக்கல் ரவுண்டில் கழன்றுபோனால் படிக்க வேண்டியது பாக்கி இருக்கிறது. இந்த இரண்டுக்கும் ராஜினாமா மருந்தாகாது. ரவுண்டுகளைத் தாண்டி, 90 நாள் என்றதும் மட்டுமே பேச்சு நின்றுபோகிறது என்றால்தான் பேப்பர் போடுவதில் அர்த்தம் இருக்கிறது.

அடுத்தது பணம். ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். சோழிங்கநல்லூரில் டெஸ்டிங் வேலையில் இருக்கும் ஒருவர். மனைவிக்கு வேலை இல்லை, ஒரு குழந்தை பள்ளியில். வங்கியிலும் எஃப்.டி.யிலும் 4,20,000 ரூபாய், ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டில் 2,00,000. வீட்டுக்கடன் இ.எம்.ஐ. 27,000, வீட்டுச் செலவு 25,000, ஊரில் பெற்றோருக்கு 8,000 என்று மாதம் 60,000 வேண்டும். 6,20,000 ரூபாயை 60,000-ஆல் வகுத்துப் பத்து மாதம் ஓட்டிவிடலாம் என்று அவர் நினைக்கிறார்.

அந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது. சந்தை விழுந்த நேரத்தில் ஃபண்டை விற்க நேரலாம். அதனால் அதை 1,50,000 என்றே வைத்துக்கொள்வது நல்லது. ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம் 60,000, சொந்தமாக எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீடு 30,000, தொடவே கூடாத அவசரப் பணம் 60,000. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 4,20,000, அதாவது ஏழு மாதம். பி.எஃப். பணத்தையும் வீட்டு நகையையும் இதில் சேர்க்கவே வேண்டாம்.

ஏழு மாதமும் தேடுவதற்குக் கிடைக்காது. ஆஃபர் வந்த பிறகும் பின்புலச் சரிபார்ப்பு, சேரும் தேதி, முதல் சம்பளம் என்று இரண்டு மாதம் ஓடிவிடும். ஆகவே ஐந்தாம் மாத முடிவில் ஆஃபர் கையில் இருந்தாக வேண்டும். ஆறுதலான விஷயம், இந்த ஐந்து மாதம் கடைசி வேலை நாளுக்குப் பிறகுதான் தொடங்குகிறது. நோட்டீஸ் காலத்தில் சம்பளம் வருவதால் தேடுவதற்கு மொத்தம் எட்டு மாதம் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: பல கம்பெனிகள் கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்திவைத்து, இறுதிக் கணக்கோடு சேர்த்துத்தான் தருகின்றன.

மூன்றாவது விஷயம் ஆளுக்கு ஆள் மாறும். நம் உதாரணத்தில் இருப்பவர் சேர்ந்து 4 வருடம் 10 மாதம் ஆகிறது. 5 வருடம் முடிந்தால் கிராஜுவிட்டி உண்டு. நோட்டீஸ் காலமும் சர்வீஸில் சேரும் என்பதால் இன்று பேப்பர் போட்டாலும் கணக்குப்படி 5 வருடம் தாண்டிவிடும். அடிப்படைச் சம்பளம் 40,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 5-ஆலும் பெருக்க, சுமார் 1,15,000 ரூபாய் வரும். கிட்டத்தட்ட இரண்டு மாதச் செலவு! ஆனால் கம்பெனி முன்கூட்டியே ரிலீவ் செய்துவிட்டால் நோட்டீஸ் காலச் சம்பளமும் இந்தப் பணமும் சிக்கலாகிவிடும். அப்படி அனுப்ப அவர்களுக்கு உரிமை உண்டா என்பது அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் இருக்கும். அது இருந்தால், நான் அவருக்குச் சொல்வது இரண்டு மாதம் பொறுங்கள் என்பதுதான்.

காப்பீட்டையும் மறந்துவிடக் கூடாது. கம்பெனியின் குரூப் பாலிசி பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். அதில் சர்க்கரை நோயுள்ள அம்மா இருந்தால், புதுப் பாலிசியில் அந்த நோய்க்கு 3 வருடம் வரைகூடக் காத்திருக்க வேண்டியிருக்கும். அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனி பாலிசிக்கு மாறினால், குரூப் பாலிசியில் கழிந்த காலத்தைக் காத்திருப்பில் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. ரிலீவ் ஆவதற்கு முன்பே எச்.ஆரிடம் கேட்டு அந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

உடம்பு கெடுகிறது, சம்பளம் மாதக்கணக்கில் வரவில்லை, சட்டத்துக்குப் புறம்பான காரியத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்றால் நிலைமை வேறு. மூன்று மாதச் சேமிப்பு இருந்தாலும் வெளியேறத்தான் வேண்டும். செலவைக் குறைத்து, கிடைக்கிற கான்ட்ராக்ட் வேலையைப் பிடித்துக்கொண்டு நல்ல வேலையைத் தேடலாம். மற்றவர்கள் பேப்பர் போடும் முன் வீட்டாரோடு உட்கார்ந்து ஒரு தேதியை எழுதிக்கொள்ளுங்கள். நம் நண்பருக்கு அது ரிலீவ் ஆன நான்காம் மாதக் கடைசி. அதற்குள் எதிர்பார்த்த சம்பளத்தில் ஆஃபர் வராவிட்டால், மறுநாள் முதல் அதைவிடக் குறைந்த சம்பளத்துக்கும் அவர் விண்ணப்பிக்கத் தொடங்க வேண்டும்.