காது நுனியில் ஒரு சின்ன வெட்டு

தெருமுனை டீக்கடை வாசலில் படுத்திருக்கும் நாயின் காதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நுனியில் சின்னதாக ஒரு வெட்டு தெரிந்தால், சண்டையில் யாரோ கடித்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது மருத்துவர் போட்ட அடையாளம். அந்த நாய்க்குக் கருத்தடை அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது, வெறிநாய்க்கடி நோயான ரேபிஸுக்கு எதிரான ஊசியும் போட்டாகிவிட்டது என்பதற்கான அத்தாட்சி. மயக்கத்தில் இருக்கும்போதே காதில் வெட்டிவிடுவதால் நாய்க்கு வலி தெரிவதில்லை. ஏற்கெனவே சிகிச்சை முடிந்த நாயை மறுபடி வண்டியில் ஏற்றும் வீண்வேலையும் மிச்சமாகிறது.

அறுவையையும் ஊசியையும் ஏன் சேர்த்தே செய்ய வேண்டும்? ஊசி மட்டும் போட்டால் போதாதா?

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வட்டாரத்தில் 100 நாய்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால், ரேபிஸ் ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குத் தாவும் சங்கிலி அறுந்துபோகும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் இலக்கு. அதன்படி 70 நாய்களுக்கு ஊசி போட்டாயிற்று. தெருநாயின் ஆயுள் குறைவு. வண்டியில் அடிபட்டும் நோயில் விழுந்தும் ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு நாய்கள் செத்துப்போய், அந்த இடத்தைப் புதுக் குட்டிகள் பிடித்துக்கொண்டால், ஊசி போட்ட நாய்கள் ஏறக்குறைய 47 ஆகிவிடும். நாய்களின் எண்ணிக்கை அதே 100தான். ஆனால் பாதுகாப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது.

குட்டிகளின் வரத்தை அடைத்தால் இந்தச் சரிவு மெதுவாகும். பெண் நாய் ஒரு வயதுக்குள்ளேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் சுமார் 63 நாள். ஓர் ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள் வரை போடும். கருப்பையையும் சூலகங்களையும் எடுத்துவிட்ட நாய் குட்டி போடாது. குட்டி போட்டுப் பால் கொடுத்து உடம்பு தேய்வதும் இல்லை என்பதால் தேறி நிற்கும். ஊசி போட்ட உடம்பு தெருவில் கூடுதல் காலம் இருக்கும். நோயைத் தடுப்பது ஊசி, ஊசியின் பலன் கரைந்துபோகாமல் பிடித்து வைப்பது அறுவை.

இதை ஜெய்ப்பூர் செய்து காட்டியிருக்கிறது. அங்கே ‘ஹெல்ப் இன் சஃபரிங்’ என்ற விலங்கு நல அமைப்பு, 1994 நவம்பரில் நகரின் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கியது. 2002 டிசம்பர் வரையிலான எட்டு ஆண்டுகளில் 24,986 நாய்களைப் பிடித்து, அவற்றில் 19,129 நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டார்கள். பெண் நாய்களுக்கே முன்னுரிமை. ஓர் ஆண் நாய்க்குச் செய்யாமல் விட்டால்கூட, அந்த ஒன்றே பல பெண் நாய்களைச் சினையாக்கிவிடும். ஒரு பெண் நாய்க்குச் செய்தாலோ ஓர் ஈற்று நிச்சயமாக நிற்கும். அந்தப் பகுதியின் பெண் நாய்களில் சுமார் 65 சதவீதம் இப்படிச் சிகிச்சை பெற்றவையாக ஆனபோது, மொத்த நாய்களின் எண்ணிக்கை 28 சதவீதம் குறைந்திருந்தது. திட்டம் நடந்த பகுதியில் மனிதர்களுக்கு ரேபிஸ் வருவது பூஜ்யத்துக்கு இறங்கியது. திட்டம் எட்டாத பகுதிகளில் நோய் தொடர்ந்தது.

பின்னாளில் அதே நகரில் நாய்க்கடியும் குறைந்தது தெரியவந்தது. காரணம் எளிது. குட்டி ஈன்ற தாய் நாய், பக்கத்தில் போகும் யாரையும் எதிரியாகவே பார்க்கும். குட்டி போடும் பருவத்தை ஒட்டிக் கடி அதிகமாவதை ஜெய்ப்பூரில் கவனித்திருக்கிறார்கள். ஈற்று குறைந்தால் இந்த வகைக் கடியும் குறையும்.

கொன்று தீர்ப்பது பலிக்காது என்பதைச் சென்னை வெகுகாலம் பார்த்தது. 1990களின் நடுவில் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை மாநகராட்சி கொன்றும் தெருவில் நாய் குறையவில்லை. குப்பைத்தொட்டியில் சாப்பாடு இருக்கும்வரை, மிஞ்சிய நாய்கள் குட்டி போட்டு இடத்தை நிரப்பிவிட்டன. கருத்தடை செய்து விடலாம் என்று ‘புளூ கிராஸ் ஆஃப் இந்தியா’ அமைப்பு 1964-லேயே சொல்லியிருந்தது. அந்த வழியை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது 1990களின் நடுவில்தான்.

இன்று இதற்குச் சட்டமும் உண்டு. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள்படி, தெருநாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. முடிந்ததும் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் இதை ஏற்று, ரேபிஸ் கண்ட நாயையும் அப்படிச் சந்தேகப்படும் நாயையும் மூர்க்கமான நாயையும் மட்டும் விடக் கூடாது என்றது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடாமல் காப்பகத்துக்குக் கொண்டுபோக உத்தரவிட்டது.

திட்டம் இருந்தும் ஊரில் நாய் குறையாமல் இருப்பதற்கு வழக்கமான காரணம் ஒன்று உண்டு. புகார் வந்த தெருவில் இரண்டு நாய், அடுத்த வார்டில் மூன்று நாய் என்று சிதறிப் பிடிப்பதுதான் அது. பத்துப் பெண் நாய்களில் இரண்டுக்குக் கருத்தடை செய்தால், மற்ற எட்டும் போடும் குட்டிகள் அந்த வேலையை விழுங்கிவிடும். ஒரு வார்டை எடுத்தால் அதில் பெரும்பான்மைப் பெண் நாய்களை முடித்துவிட்டே அடுத்த வார்டுக்குப் போக வேண்டும். இன்னொரு பிழை, ஒரு தெருவில் பிடித்த நாயை வேறு தெருவில் இறக்கிவிடுவது. புது இடத்தில் இருக்கும் நாய்கள் அதை அண்டவிடாது. சண்டையும் கடியும் கூடும், பழைய தெருவில் காலியான இடத்துக்கு வேறு நாய் வந்துவிடும். மூன்றாவது, தடுப்பூசியை ஒருமுறையோடு நிறுத்திவிடுவது. ஆண்டுதோறும் திரும்பப் போட வேண்டும்.

வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று குடியிருப்பவர்களே பார்க்க முடியும். காலையில் ஒரு நடை போய், காதில் வெட்டு உள்ள நாய் எத்தனை, இல்லாத நாய் எத்தனை, பால் சுரந்து மடி தொங்கும் நாய் எத்தனை, குட்டிகள் எத்தனை என்று குறித்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்துத் திரும்ப எண்ணும்போது மடி தொங்கும் நாயும் குட்டியும் குறைந்திருந்தால் திட்டம் நடக்கிறது. குறையவில்லையென்றால் இந்தக் கணக்கோடு வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். நாய் வண்டி வந்தால் என்றைக்குப் பிடித்தார்கள், எங்கே கொண்டுபோகிறார்கள், எப்போது திரும்ப விடுவார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

காதில் வெட்டு இருக்கும் நாய் கடித்தாலும் அலட்சியம் கூடாது. ஊசியின் காலம் தாண்டியிருக்கலாம். கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சளோ மிளகாய்த்தூளோ வைத்துக் கட்டாமல், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் போடுவார்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடிக்க வேண்டும். ரேபிஸின் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை என்பதால், முதல் ஊசிக்கு அடுத்த நாள்வரை காத்திருக்கக் கூடாது.