அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்

மனநலப் பிரிவில் ஒருவரைச் சேர்க்கும்போது, ‘கடுமையான மனச்சோர்வு’ என்று டாக்டர் எழுதுகிறார். நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஆனால் இந்த மனிதருக்கு ஏன் இப்போது வந்தது, எது அவரை மீளவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது, இன்றிரவு அவர் உயிருக்கு ஆபத்து உண்டா என்பதெல்லாம் அந்தப் பெயரில் இல்லை. அதைக் கேட்டறிந்து, கோத்து எழுதுவது மனநலச் செவிலியரின் வேலை. ‘கேஸ் ஃபார்முலேஷன்’ என்பார்கள்.

ஒரு கற்பனை நோயாளியை வைத்துப் பார்ப்போம். டெல்டா பக்கத்து விவசாயி, வயது 48. இரண்டு மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு இளைத்துவிட்டது. “யார் வந்தாலும் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறாரு சிஸ்டர்” என்கிறார் மனைவி.

செவிலியர் பேச்சுக் கொடுத்துக் கேட்கிறார். இவருடைய அப்பா தற்கொலை செய்துகொண்டவர். அது பழைய காயம், இவரை எளிதில் நோயுறக்கூடியவராக ஆக்கியிருக்கிறது. அறுவடைக்கு முன் பெய்த மழையில் பயிர் மூழ்கியதும், நகைக்கடன் தவணை தவறியதும் நோயைக் கிளப்பிவிட்டன. தூக்கம் வரட்டும் என்று குடிக்கத் தொடங்கியதும், வெட்கத்தில் வீட்டுக்குள்ளேயே முடங்கியதும் அதை வளர்க்கின்றன. தாங்கிப்பிடிப்பவையும் இருக்கின்றன: பத்தாவது படிக்கும் மகள்மேல் உயிர், கூடவே நிற்கும் மனைவி, மறுக்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்தது.

இனி முக்கியமான கேள்வி. மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, செவிலியர் நேராகவே கேட்கிறார்: “அண்ணே, இவ்வளவு கஷ்டத்துல இருக்கிறவங்க சில பேருக்கு, உயிரோட இருக்க வேண்டாம்னு தோணும். உங்களுக்கு அப்படித் தோணியிருக்கா?” கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. தனியே சுமந்ததை இறக்கி வைக்க ஓர் ஆள் கிடைத்தது என்றுதான் பெரும்பாலும் உணர்கிறார்கள்.

அவர் தலையாட்டுகிறார். செவிலியர் அதோடு விடுவதில்லை. செத்தால் தேவலை என்ற அலுப்பா, தானே செய்துகொள்ளும் எண்ணமா, எப்படி என்று யோசித்தாரா, அதற்கானது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, இதுவரை தடுத்தது எது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். கொட்டகையில் இருக்கும் பூச்சிமருந்தை நினைத்ததாகவும், மகள் முகம் வந்து நின்றதாகவும் அவர் சொல்கிறார். அப்பாவின் மரணம், குடி, தூக்கமின்மை, திட்டம், கைக்கெட்டும் விஷம் எல்லாம் சேர்ந்ததால் ஆபத்து அதிகம் என்று செவிலியர் எழுதுகிறார். இந்தக் கணிப்பு இன்றைக்கு மட்டுமே செல்லும். நாளை மறுபடி கேட்க வேண்டும். கேள்வித்தாளில் வரும் மதிப்பெண் எதுவும் இந்த உரையாடலுக்கு ஈடாகாது.

முன்னுரிமைகள் இதிலிருந்தே பிறக்கின்றன. முதலில் உயிர். செவிலியர் மேசைக்கு எதிரே படுக்கை, இடைவிடாத கண்காணிப்பு. வீட்டுப் பூச்சிமருந்தை அன்றே அப்புறப்படுத்தச் சொல்லி மனைவியின் அண்ணனுக்குப் போன் போகிறது. கடைசியாகக் குடித்தது எப்போது என்பதையும் குறிக்கிறார். தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாளில் நடுக்கம், வலிப்பு, புத்தி தடுமாற்றம் வரலாம். மனச்சோர்வை மட்டும் பார்ப்பவர் கண்ணுக்கு இது தப்பிவிடும். அடுத்து சாப்பாடு, தண்ணீர், தூக்கம். மாத்திரையைக் கண்ணெதிரே விழுங்குகிறாரா என்று பார்ப்பதும் அவசியம், சேர்த்து வைப்பவர்கள் உண்டு.

மனச்சோர்வு மாத்திரை பலன் தர இரண்டு முதல் நான்கு வாரமாவது ஆகும். இதற்கிடையே ஒரு சிக்கல் உண்டு. சிலருக்கு மனம் தெளிவதற்கு முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடும். சாகும் எண்ணம் அப்படியே இருக்க, செய்யும் வலு மட்டும் திரும்பியிருக்கும். நேற்றுவரை அழுதவர் இன்று காரணமில்லாமல் அமைதியாகி, சாமான்களைப் பிறருக்குக் கொடுத்தால், வீட்டார் “தேறிட்டாரு” என்று மகிழ்வார்கள். செவிலியர் அங்கே கண்காணிப்பைக் கூட்டுவார், அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்பார்.

வீடு திரும்பிய முதல் சில வாரங்களும் ஆபத்தானவை. அதனால் குறைந்த நாளுக்கான மாத்திரைகளைத்தான் கொடுக்க வேண்டும், அவை மனைவி கையில் இருக்க வேண்டும், ஒரு வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். எண்ணம் தலைதூக்கினால் யாரிடம் போவது, யாருக்குப் போன் செய்வது என்று அவரே சொல்லச் சொல்ல, ஒரு தாளில் எழுதி அவர் சட்டைப்பையில் வைக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் ஒருவர் இப்படி ஒடுங்கிப்போயிருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டைவிட்டு அகற்றுங்கள், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். உங்களுக்கே அப்படித் தோன்றினாலும் இப்போதே ஒருவரிடம் சொல்லுங்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழக சுகாதார உதவி எண் 104. இரண்டும் இலவசம்.