வெயிலில் பிறக்கும் நிலவொளி

‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்’ (2015) படத்தில் ராட்சத லாரி ஒன்று சேற்றில் சிக்கித் திணறும் நீல நிற இரவுக் காட்சி, பட்டப்பகலில் படமாக்கப்பட்டது. அந்த இருட்டுக்காக ஒளிப்பதிவாளர் ஜான் சீலின் குழு செய்த காரியம்தான் விசித்திரம். வெளிச்சத்தைக் குறைக்காமல், வழக்கத்தைவிட ஏறக்குறைய 2 ஸ்டாப் கூட்டிப் பதிவு செய்தார்கள். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு. 2 ஸ்டாப் என்றால் நான்கு மடங்கு.

பிலிம் காலத்தில் வழக்கம் இதற்கு நேர்மாறு. 2 ஸ்டாப் குறைத்து, நீலச் சாயல் ஏற்றி எடுத்தால் ‘டே ஃபார் நைட்’ தயார். டிஜிட்டல் கேமராவில் அப்படிக் குறைத்தால் நிழல் பகுதிகளுக்குப் போதிய ஒளி கிடைக்காது. அங்கே புள்ளி புள்ளியாக நாய்ஸ் மொய்க்கும். கூடுதல் ஒளியில் பதிவு செய்து, பிறகு கணினியில் இறக்கினால் நிழல் சுத்தமாக இருக்கும். ஆனால் வெளிச்சம் மிகுந்த இடங்கள் வெளுத்துப் போகும் அளவுக்குக் கூட்டக் கூடாது. வெள்ளைச் சட்டை ஒருமுறை வெளுத்துவிட்டால், இருட்டாக்கும்போது அது மடிப்பே தெரியாத சாம்பல் திட்டாகத்தான் வரும்.

இரவுக்கு நீலம் ஏன்? நிலவொளி என்பது பிரதிபலித்த வெயில்தான்; முழுநிலவின் ஒளி சூரியனைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு மங்கல். அந்த மங்கலில் நம் கண்ணின் நிறமறியும் செல்கள் ஓய்ந்துவிட, நிறமறியாத செல்கள் வேலையை ஏற்கின்றன. அவற்றுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது; நீலப்பச்சைதான் எடுப்பாகத் தெரியும். அதனால் கலரிஸ்ட் நீலத்தைக் கொட்டுவதற்கு முன் நிறங்களின் அடர்த்தியைப் பாதியாகக் குறைப்பார், சிவப்பை இன்னும் அதிகமாக. நீலம் அதன்மேல் ஒரு சாயலாக மட்டும் வந்தால் போதும்.

ஓர் எளிய காட்சியை எடுத்துக்கொள்வோம். ஓட்டு வீடு, ஒரு ஜன்னல். குடத்தோடு ஒரு பெண் வாசலைக் கடந்து போகிறார். மாலை 4 மணி. சூரியன் அவருக்குப் பின்னால் சற்றுப் பக்கவாட்டில் இருக்கும்படி கேமராவை வைக்க வேண்டும். முகம் நிழலில் விழும். தலைமுடியிலும் தோளிலும் ஓடும் மெல்லிய ஒளிக்கோடு பின்னர் நிலவொளி ஆகிவிடும். உச்சி வெயிலில் எடுத்தால் மூக்கின் கீழ் விழும் குட்டை நிழலே குட்டை உடைத்துவிடும்.

கிரேடிங்கில் முதலில் மொத்தப் படத்தையும் இறக்க வேண்டும். முழுக் கறுப்பாக்கிவிடக் கூடாது. ஓட்டின் வரிகள் மங்கலாகவாவது தெரிய வேண்டும். அடுத்து மாஸ்க். டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் இதற்குப் பவர் விண்டோ என்ற வசதி இருக்கிறது. ஜன்னலைச் சுற்றி ஒரு கட்டம் வரைந்து, அதற்குள் மட்டும் வெளிச்சத்தைக் கூட்டி ஆரஞ்சு நிறம் ஏற்றினால் உள்ளே விளக்கு எரிவதுபோல் ஆகும். விளக்கு என்றால் அதன் ஒளி வெளியேயும் சிந்த வேண்டும். ஆகவே ஜன்னலுக்குக் கீழே தரையில், ஓரம் நன்றாகக் கரைந்த இன்னொரு மாஸ்க்கில் அதே ஆரஞ்சைக் கொஞ்சமாகத் தெளிக்க வேண்டும்.

சிக்கல் அந்தப் பெண் ஜன்னலைக் கடக்கும்போது வரும். மாஸ்க்குக்கு ஜன்னல் எது, ஆள் எது என்று தெரியாது. அவர் முதுகும் சேர்ந்து ஆரஞ்சாகப் பளிச்சிடும். உண்மையில் விளக்கு அவருக்குப் பின்னால் இருப்பதால் அவர் உருவம் கறுத்துத்தான் தெரிய வேண்டும். அதற்காக ஃபிரேம் ஃபிரேமாக அவர் உருவத்தை வரைந்து மாஸ்க்கிலிருந்து வெட்டியெடுக்க வேண்டும். வினாடிக்கு 24 ஃபிரேம். 3 வினாடிக் கடப்புக்கு 72.

இதைவிடப் பெரிய தலைவலி வானம். பகல் வானம்தான் படத்திலேயே வெளிச்சமான இடம். மொத்தமாக இறக்கிய பிறகும் அது சாம்பல் பூத்து நிற்கும். தனி மாஸ்க் போட்டு இருட்டாக்கலாம். ஆனால் தென்னங்கீற்றும் பறக்கும் தலைமுடியும் வானத்தோடு சேரும் ஓரங்களில் வெள்ளை விளிம்பு காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் அனுபவசாலிகள் கேமராவைச் சற்றுத் தாழ்த்தி வானத்தை ஃபிரேமுக்கு வெளியே தள்ளிவிடுகிறார்கள்.

கதைக்கே வானம் தேவைப்பட்டால்? வானத்தில் பறக்கும் மர்மத்தைப் பற்றிய ‘நோப்’ (2022) படத்தில் ஒளிப்பதிவாளர் ஹொய்ட்டே வான் ஹொய்ட்டெமா பிலிம் கேமராவையும் அகச்சிவப்பு டிஜிட்டல் கேமராவையும் ஒரே காட்சியைப் பார்க்கும்படி இணைத்துப் பகலில் படம்பிடித்தார். தெளிந்த நீலவானம் அகச்சிவப்பில் ஏறக்குறைய கறுப்பாகவே பதிவாகும். மாஸ்க் வரையும் பாடு பெருமளவு குறையும். ஆனால் அகச்சிவப்பில் நிறம் இருக்காது, தோலும் மெழுகு பூசியதுபோல் வெளிறித் தெரியும். அந்தக் குறையை ஈடுசெய்யும் நிறம் பிலிம் பதிவிலிருந்து வந்தது.