மறுபடி ஓட்டினால் பச்சை வரும்!

மென்பொருள் நிறுவனங்களில் புதிதாக எழுதிய எந்த நிரலும் வாடிக்கையாளர் கைக்குப் போவதற்கு முன், ஆயிரக்கணக்கான டெஸ்ட்கள் அதன் மேல் தாமாகவே ஓடும. கடவுச்சொல் தப்பாக இருந்தால் உள்ளே விடாமல் தடுக்கிறதா, மூன்று பொருள் வாங்கினால் பில் சரியாக வருகிறதா என்று ஒவ்வொன்றும் ஒரு சின்ன விஷயத்தைச் சோதிக்கும். சரியாக இருந்தால் பச்சை, தவறினால் சிவப்பு. நிரலில் ஓர் எழுத்துகூட மாறாதபோது, ஒருமுறை பச்சையும் அடுத்த முறை சிவப்பும் காட்டுகிற டெஸ்ட்டை ‘ஃபிளேக்கி டெஸ்ட்’ என்பார்கள்.

இது கவனக்குறைவான சிறு நிறுவனங்களின் வியாதி அல்ல. கூகுள் 2016இல் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே இருந்த டெஸ்ட்களில் ஏறக்குறைய 16 சதவீதம் ஏதோ ஓர் அளவுக்கு இப்படித் தடுமாறுபவை. பச்சையாக இருந்த டெஸ்ட் சிவப்பாக மாறிய சமயங்களில் 84 சதவீதத்தில் ஃபிளேக்கி டெஸ்ட்டுக்குப் பங்கு இருந்தது.

ஆயிரத்தில் ஒருமுறை பொய்ச் சிவப்பு காட்டும் டெஸ்ட் தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. அப்படிப்பட்ட ஆயிரம் டெஸ்ட்களைச் சேர்த்து ஓட்டினால், எல்லாமே பச்சையாக வருவதற்கு வாய்ப்பு 37 சதவீதம்தான். மூன்றில் இரண்டு தடவை எதுவும் கெட்டுப்போகாமலே வேலை நின்றுபோகும். அப்போது எல்லோரும் செய்வது ‘ரீ-ரன்’ பொத்தானை அழுத்துவது. சில நிறுவனங்கள் இன்னும் ஒருபடி மேலே போய், “சிவப்பு வந்தால் நீயாகவே இன்னும் இரண்டு முறை ஓட்டிப்பார்” என்று கணினியிடமே சொல்லிவிடும்.

இதில்தான் ஆபத்து. பத்தில் ஒருமுறை தவறுகிற டெஸ்ட், அடுத்தடுத்து மூன்று முறையும் தவற ஆயிரத்தில் ஒரு வாய்ப்புதான் உண்டு. சிவப்பு கண்ணில் படவே படாது. ஆனால் கோளாறு டெஸ்ட்டில் இல்லாமல் நிரலிலேயே இருந்தால்? பத்து வாடிக்கையாளரில் ஒருவருக்குப் பணம் போய் ஆர்டர் பதிவாகாமல் இருந்தால்? அதுவும் அதே கணக்குப்படி ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கி மறைந்துபோகும். ரீ-ரன் பொத்தானுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் நடந்ததையெல்லாம் ஓரிடத்தில் எழுதிவைக்க வேண்டும். ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொஸில்லா இதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறது. அங்கே ஒவ்வொரு தடுமாறும் டெஸ்ட்டுக்கும் பக்ஸில்லா என்கிற பதிவேட்டில் ஒரு டிக்கெட் உண்டு. ‘ஷெரீஃப்’ என்று அழைக்கப்படும் ஊழியர்கள், விழுந்த ஒவ்வொரு டெஸ்ட்டையும் அதற்குரிய டிக்கெட் எண்ணோடு இணைப்பார்கள். எத்தனை முறை விழுந்தது, எந்த வகைக் கணினியில் விழுந்தது என்ற கணக்கை ஒரு நிரலே டிக்கெட்டில் எழுதிவிடும். ஒரு வாரத்தில் 30 தடவையைத் தாண்டினால் ‘கவனிக்க வேண்டியது’ என்ற முத்திரை விழும். அதற்கும் மேலே போனால் டெஸ்ட்டை நிறுத்தச் சொல்லிப் பரிந்துரை வரும். எதை முதலில் பார்ப்பது என்பதை யாருடைய எரிச்சலும் தீர்மானிப்பதில்லை, எண்ணிக்கை தீர்மானிக்கிறது.

டிக்கெட் என்ன சாதிக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். இந்தியாவில் ஓர் ஆன்லைன் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். “நேற்றோடு காலாவதியான கூப்பனை ஏற்கக் கூடாது” என்பது அங்கே ஒரு டெஸ்ட். ஏறக்குறைய ஐம்பதில் ஒருமுறை அது சிவப்பு காட்டுகிறது. காலையில் வருகிறவர் மறுபடி ஓட்டுகிறார், பச்சை. ஒவ்வொரு தடவையும் வேறு ஆள் என்பதால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. பிறகு ஒருவர் டிக்கெட் திறந்து, விழுந்த நேரம், ஓடிய கணினி, பிழைச்செய்தி மூன்றையும் ஒவ்வொரு முறையும் எழுதச் சொல்கிறார். ஆறு பதிவுகள் சேர்ந்ததும் கதை தெரிந்துவிட்டது. கணினிகள் வேறு வேறு, ஆட்கள் வேறு வேறு. நேரம் மட்டும் எப்போதும் நள்ளிரவு 12 மணிக்கும் விடிகாலை 5.30க்கும் நடுவில்.

கடையின் சர்வர் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. இந்திய நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முந்தியது. நமக்கு 10ஆம் தேதி பிறந்து இரவு 2 மணி ஆகும்போது, சர்வருக்கு இன்னும் 9ஆம் தேதிதான். ஆகவே 9ஆம் தேதியோடு முடிந்த கூப்பனை அது செல்லும் என்று ஏற்றுக்கொள்கிறது. இரவில் டெஸ்ட்கள் ஓடுவது குறைவு என்பதால்தான் ஐம்பதில் ஒன்று. டெஸ்ட் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. விடிகாலை ஐந்தரை வரை முடிந்துபோன தள்ளுபடியைக் கடை நிஜமாகவே கொடுத்துக்கொண்டிருந்தது.

இத்தகைய டிக்கெட்டில் யோசிக்க ஒன்றுமில்லை, உடனே திருத்த வேண்டியதுதான். சர்வர் கடிகாரத்தை இந்திய நேரம் இரவு 2 மணிக்குச் சமமாக வைத்து ஓட்டினால் டெஸ்ட் ஒவ்வொரு முறையும் விழும். நிரலைத் திருத்தியதும் ஒவ்வொரு முறையும் நிற்கும். என் கருத்தில், பணம், கடவுச்சொல், தனிப்பட்ட தகவல் ஆகியவற்றைத் தொடுகிற டெஸ்ட் தடுமாறினால், காரணம் தெரிகிற வரை அது நிரலின் குற்றம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லா டிக்கெட்டும் இவ்வளவு சுவையாக இருக்காது. அப்பாச்சி அமைப்பின் திட்டங்களில் நடந்த திருத்தங்களை ஆராய்ந்து 2014இல் வந்த ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ பாதிக்குக் காரணம் காத்திருப்பில் நடந்த தப்பு. பக்கம் திறக்க அரை விநாடி போதும் என்று நினைத்து எழுதியிருப்பார்கள். கணினிக்கு வேலை அதிகமான நாளில் ஒரு விநாடி ஆகும். “இவ்வளவு நேரம் காத்திரு” என்பதை “பொத்தான் தோன்றும்வரை காத்திரு” என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். இதைச் செய்ய இந்த வாரம் ஆள் இல்லையென்றால், டெஸ்ட்டைக் குவாரண்டைனில் வைக்கலாம். அது ஓடும், முடிவு பதிவாகும், ஆனால் யாருடைய வேலையையும் தடுக்காது.

குவாரண்டைனுக்கு டிக்கெட்டில் ஒரு பொறுப்பாளர் பெயரும் ஒரு கெடு தேதியும் கட்டாயம் வேண்டும். தேதி இல்லாமல் உள்ளே போன டெஸ்ட் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. மார்ட்டின் ஃபவுலர் 2011இல் எழுதிய கட்டுரையில், உள்ளே எட்டு டெஸ்ட்டுக்கு மேல் சேரவிடாதீர்கள், அல்லது ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று யோசனை சொன்னார். எண் எதுவாகவும் இருக்கட்டும், எல்லை என்று ஒன்று இருக்க வேண்டும்.

கெடு தாண்டியும் யாரும் தொடவில்லை என்றால் அழிப்பதைப் பற்றிப் பேசலாம். அப்போது டிக்கெட்டின் வரலாற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும்: இந்த டெஸ்ட் விழுந்து, அதனால் ஓர் உண்மையான பிழை எப்போதாவது பிடிபட்டதா? ஒருமுறைகூட இல்லை, அதே விஷயத்தை இன்னொரு சின்ன டெஸ்ட் சோதிக்கிறது என்றால் தயங்காமல் அழித்துவிடலாம். வேறு எதுவும் அதைச் சோதிக்கவில்லை என்றால், அழிப்பதற்கு முன் எளிய மாற்று ஒன்றை எழுத வேண்டும். அதற்கும் நேரமில்லையா? எந்தப் பகுதிக்கு இனிமேல் காவல் இல்லை என்பதையாவது டிக்கெட்டில் எழுதிவிட்டு அழியுங்கள்.

திருத்தியாகிவிட்டது என்று டிக்கெட்டை மூடுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. கூப்பன் டெஸ்ட்டைப் போல வேண்டும்போது விழவைக்க முடிந்தால் கவலையில்லை. அப்படி முடியாத டெஸ்ட் ஐம்பதில் ஒருமுறை விழுவதாக இருந்தால், எதையுமே திருத்தாவிட்டாலும் தொடர்ந்து பத்து முறை பச்சை காட்ட 82 சதவீத வாய்ப்பு உண்டு. பத்துப் பச்சையைப் பார்த்து டிக்கெட்டை மூடிவிடாதீர்கள். தொடர்ந்து 150 முறை ஓட்டுங்கள்; எதையுமே திருத்தாமல் அத்தனையும் வெறும் அதிர்ஷ்டத்தால் பச்சையாக வர 5 சதவீத வாய்ப்புதான்.