"நல்ல விளம்பரம் கிடைக்கும் தம்பி!" - சும்மா கூப்பிடுகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

"தம்பி, நம்ம காலேஜ்ல பெரிய ஃபங்ஷன். ரெண்டாயிரம் பேர் வருவாங்க. நீங்க வந்து ஒரு அரை மணி நேரம் வில்லுப்பாட்டு படிச்சா போதும். யூடியூப்ல எல்லாம் போடுவோம். உங்களுக்கு நல்ல விளம்பரம்!"

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் மேடையேறும் இளைஞர்களுக்கு இந்த மாதிரி போன் புதிதல்ல. பாடுகிறவர், படம் வரைகிறவர், கல்யாண வீட்டில் போட்டோ எடுக்கிறவர், பள்ளி விழாவில் தன்னம்பிக்கைப் பேச்சு பேசுகிறவர் என எல்லாருக்கும் வருகிறது. போனில் தேதி இருக்கும், நேரம் இருக்கும், தலைமை விருந்தினர் பெயர் இருக்கும். சம்பளம் மட்டும் இருக்காது.

வேடிக்கை என்னவென்றால், இதே மாவட்டத்தில் இதே வில்லுப்பாட்டுக் குழுவை அம்மன் கோயில் கொடைக்குக் கூப்பிடும்போது யாரும் இப்படிப் பேசுவதில்லை. ஊர் வரி பிரித்து, பந்தலுக்கு இவ்வளவு, பூவுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, வில்லுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போடுவார்கள். குழுத் தலைவரைப் பார்த்து வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்தால்தான் அந்தத் தேதி உறுதி. பேசிய தொகை தனி. பாட்டைக் கேட்டு மகிழ்ந்து கூட்டத்திலிருந்து வரும் அன்பளிப்பு தனி. 'எங்க கோயில்ல பாடினா உங்களுக்குப் பேர் கிடைக்கும்' என்று சொல்லி ஒரு கொடையை நடத்திவிட முடியாது. பேர் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால், அது சம்பளத்தோடு சேர்ந்து வருகிறது.

கோயில் கமிட்டிக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, கோட் சூட் போட்ட விழாக் கமிட்டிக்கு ஏன் மறந்துபோகிறது?

பந்தல்காரருக்குப் பணம் உண்டா?

இந்தக் கேள்வியை உலகமே கவனிக்கிற மாதிரி கேட்டவர் இங்கிலாந்து எழுத்தாளர் பிலிப் புல்மன். ஆக்ஸ்போர்டு இலக்கிய விழாவின் புரவலர்களில் ஒருவராக இருந்த அவர், 2016 ஜனவரியில் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார். பந்தல் போடுகிறவர், விளம்பரம் அச்சடிக்கிறவர் என விழாவுக்கு உழைக்கிற எல்லாருக்கும் பணம் கொடுக்கிறீர்கள். யாருடைய பேச்சைக் கேட்கக் கூட்டம் டிக்கெட் வாங்கி வருகிறதோ, அந்த எழுத்தாளருக்கு மட்டும் ஒன்றுமில்லையா என்பதுதான் அவருடைய வாதம்.

நம் ஊருக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம். மைக் செட்காரர் விளம்பரத்துக்காக வரவில்லை. பிளக்ஸ் அடிப்பவரும் சாப்பாடு போடுகிறவரும் அப்படியே. மேடையில் போர்த்துகிற சால்வைக்கும் கடையில் பணம் கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, கலைஞரிடம் வரும்போது மட்டும் 'பட்ஜெட் இல்லை' என்றால், அந்த பட்ஜெட் எழுதியபோதே அவருடைய வரி விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். பந்தல்காரர் முதல் தலைவர் வரை யாருமே காசு வாங்காமல் சேர்ந்து செய்கிற ஊர்க் காரியம் என்றால் அது வேறு கதை. அதனால், சம்மதமா இல்லையா என்று யோசிப்பதற்கு முன் இந்த ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

'பேச்சுக்கெல்லாம் யார் காசு கொடுப்பா?' என்பவர்களுக்கும் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. நாகர்கோவில் பார்வதிபுரத்தில் வசிக்கும் எழுத்தாளர் ஜெயமோகன், 'கட்டண உரை' என்ற பெயரிலேயே திருநெல்வேலியிலும் சென்னையிலும் கோவையிலும் பேசியிருக்கிறார். பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

அரை மணி நேரம்தானே?

'அரை மணி நேரம்தானே' என்பது கேட்கிறவரின் கணக்கு. குழுவின் கணக்கு வேறு. ஒரு பேச்சுக்கு, மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்கு ஒரு வில்லுப்பாட்டுக் குழு வருவதாக வைத்துக்கொள்வோம். வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை என்று 5 பேர். பஸ்ஸில் குடத்தையும் வில்லையும் ஏற்ற முடியாது; வண்டி பிடிக்க வேண்டும். வண்டிக்கு 2,500 ரூபாய், ஆளுக்கு 1,000 ரூபாய் என்று மிகக் குறைவாகவே போட்டாலும் 7,500 ரூபாய் ஆகிறது. விழா ஒருபோதும் சொன்ன நேரத்துக்குத் தொடங்குவதில்லை என்பதால் 5 பேருக்கும் ஒரு நாள் வேலை போச்சு. 'சும்மா' என்று ஒப்புக்கொண்டால், சம்பளம் போவதோடு வண்டி வாடகை 2,500 ரூபாயும் குழுத் தலைவரின் பையிலிருந்து போகும். உண்மையில் அவர்தான் அந்த விழாவுக்கு நன்கொடை கொடுத்திருக்கிறார். நோட்டீஸில் நன்கொடையாளர் பட்டியலில் பெயர்கூட வராது!

இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. போன் வரும்போது தொண்டை அடைக்காமல் தொகையைச் சொல்ல அதுதான் உதவும்.

என்ன எழுதி அனுப்பலாம்?

போனிலேயே 'சரி' என்றும் சொல்ல வேண்டாம், 'முடியாது' என்றும் சொல்ல வேண்டாம். "விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புங்க சார், குழுவில் கேட்டுச் சொல்றேன்" என்றால் போதும். எழுத்தில் பேசும்போது கூச்சம் குறைகிறது; பிறகு, 'நான் அப்படிச் சொல்லலையே' என்ற பேச்சும் வராது. விவரம் வந்ததும் இப்படி அனுப்பலாம்:

"வணக்கம் சார். எங்களை நினைச்சு கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி. நாங்க 5 பேர். அரை மணி நேர நிகழ்ச்சிக்கு வண்டி வாடகை சேர்த்து 7,500 ரூபாய். பாதி முன்பணம் வந்ததும் தேதியை உறுதி பண்ணிடுறோம். வீடியோ எடுக்கிறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க."

கவனித்தால், இதில் சம்பளம் உண்டா என்ற கேள்வியே இல்லை. 'ஏதாவது பார்த்து செய்யுங்க சார்' என்பதும் இல்லை. அந்த வாக்கியம்தான் பலரையும் சால்வையோடு வீட்டுக்கு அனுப்பிய வாக்கியம்.

'பட்ஜெட் இல்லையே தம்பி' என்று பதில் வந்தால், தொகையை அப்படியே பாதியாகக் குறைப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்வது. அப்படிச் செய்தால் அடுத்த முறையும் அந்தப் பாதியிலிருந்துதான் பேரம் தொடங்கும். அதற்குப் பதிலாக, வேலையைக் குறைக்கலாம்: "புரியுது சார். அந்தத் தொகைக்குள்ள வேணும்னா நாங்க 2 பேர் மட்டும் வந்து 15 நிமிஷம் பாடுறோம்." அதுவும் ஒத்துவரவில்லை என்றால், "இந்தத் தடவை முடியலை சார். அடுத்த வருஷம் பட்ஜெட் போடும்போதே ஒரு வார்த்தை சொல்லுங்க, கண்டிப்பா வர்றோம்" என்று முடித்துவிடலாம். காரணம் அடுக்கத் தேவையில்லை. காய்ச்சல், சொந்தத்தில் கல்யாணம் என்று பொய் சொன்னால், அவர்கள் தேதியை மாற்றிக்கொண்டு மறுபடி கூப்பிடுவார்கள்!

கோபத்தை வெளியே போட்டுவிட்டால் என்ன ஆகும்? 2013 மார்ச்சில் அமெரிக்காவில் அது நடந்தது. போல் பாட்டைப் பேட்டி கண்ட பத்திரிகையாளர் நேட் தேயர், வட கொரியா பற்றி ஓரிடத்தில் எழுதிய கட்டுரையை 1,200 வார்த்தைகளில் சுருக்கித் தர முடியுமா என்று 'தி அட்லான்டிக்' இதழிலிருந்து கேட்டார்கள். 'எவ்வளவு தருவீர்கள்?' என்றார் அவர். பணம் தர இயலாது, ஆனால் மாதம் 1.3 கோடி வாசகர்கள் எங்களுக்கு இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. 25 ஆண்டுகளாக எழுத்தை நம்பிப் பிழைப்பவன், லாபத்துக்கு நடக்கும் நிறுவனத்துக்கு இலவசமாக எழுதுவதில்லை என்று மறுத்த தேயர், மொத்தக் கடிதப் போக்குவரத்தையும் இணையத்தில் வெளியிட்டார். பெரிய விவாதமானது. இதழின் ஆசிரியரே வருத்தம் தெரிவித்தார்.

ஆனால், தேயர் பல்லாண்டு அனுபவம் உள்ளவராக இருந்தார். புல்மன் உலகப் புகழ் பெற்றவர். நேற்று மேடையேறிய 22 வயதுப் பிள்ளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டால், குமரி மாவட்டம் மாதிரி சின்ன இடத்தில் அடுத்த கமிட்டியும் பயந்துவிடும். கேட்ட கேள்வியைத் தேயரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம், வெளியிட்டதை விட்டுவிடலாம்.

இன்னொரு சங்கடமும் இங்கே உண்டு. கேட்பவர் பெரும்பாலும் தெரியாதவராக இருப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் படிப்பித்த சாராக இருப்பார், மாமா முறையாக இருப்பார், கடையில் கடன் கொடுக்கிற அண்ணாச்சியாக இருப்பார். அவரிடம் தொகை கேட்க நாக்கு எழாது. போகவும் செய்யலாம், தப்பில்லை. அப்போதும் விலையைச் சொல்லிவிட்டே போகலாம்: "எங்க சம்பளம் 5,000 சார், உங்களுக்காக அது வேண்டாம். வண்டி வாடகை மட்டும் பார்த்துக்கோங்க." தொகை அவர் காதில் விழுந்துவிட்டது. நாளைக்கு வேறொருவரிடம் 'அந்தப் பையன் சும்மாவே வருவான்' என்று சொல்ல மாட்டார்.

வீடியோ யாருடையது?

'யூடியூப்ல போடுவோம்' என்பது பரிசு மாதிரி சொல்லப்படுகிறது. அந்த சேனலுக்கு விளம்பர வருமானம் வந்தால், அது சேனல் வைத்திருப்பவருக்குப் போகும். பாடினவருக்குத் தானாக வராது. 1957-ம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், மேடையில் நிகழ்த்துகிற கலைஞருக்கும் தனி உரிமை கொடுத்திருக்கிறது. 38-வது பிரிவின்படி அது 50 ஆண்டுகளுக்கு நீடிக்கும். பதிவு செய்யவும் ஒளிபரப்பவும் அவருடைய சம்மதம் தேவை. அதனால், வீடியோ என்பது அவர்கள் தருகிற சலுகை மட்டுமல்ல, நீங்கள் தருகிற அனுமதியும்கூட. நம் ஊரில் இதற்காகக் கோர்ட்டுக்குப் போகிறவர் அரிது; பேரம் பேச உதவும்.

விளம்பரத்துக்காகவே போவது என்று முடிவெடுத்தால், அந்த விளம்பரத்தையாவது முழுதாக வாங்கிக்கொள்ள வேண்டும். நோட்டீஸில் குழுவின் பெயர், வீடியோவுக்குக் கீழே முதல் வரியிலேயே குழுவின் போன் நம்பர், வெட்டாத வீடியோவின் ஒரு பிரதி ஒரு வாரத்துக்குள் என்று மூன்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி 'சரி' என்ற பதிலை வாங்கிவிடலாம். 'நல்ல விளம்பரம்' என்று போனில் சொன்னவர், நம்பர் போடச் சொன்னதும் தயங்கினால், அவர் சொன்ன விளம்பரத்தின் மதிப்பு அங்கேயே தெரிந்துவிடும்.

பிறகு ஒரு பழக்கம் வேண்டும். புதிதாக யார் கூப்பிட்டாலும், "எங்களை எங்க பார்த்தீங்க?" என்று கேட்டு ஒரு நோட்டில் குறித்துவைப்பது. 'கொடையில் பார்த்தேன்' என்று எத்தனை பேர், 'காலேஜ் வீடியோவில் பார்த்தேன்' என்று எத்தனை பேர் என்று அடுத்த பங்குனி வரும்போது அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, காலேஜ்காரர்களுக்குப் பதில் எழுதலாம்.