புள்ளிகள் சமமான பிறகு

கால்பந்து லீக்கின் புள்ளிப் பட்டியலைப் பத்திரிகையில் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் புள்ளிகள் என்ற ஒரு கட்டத்தை மட்டுமே வாசித்துவிட்டுத் திருப்தியடைகிறார்கள். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்தவுடன் வெற்றிக்கு இத்தனை, டிராவுக்கு ஒன்று என்று கூட்டி, அதிகம் பெற்ற அணியை மேலே ஏற்றிவிட்டால் காரியம் முடிந்தது என்று அவர்கள் எண்ணுவதில் குற்றமில்லை. அநேக வருஷங்களில் அது அவ்வாறே முடிந்தும் விடுகிறது. ஆனால் இரண்டு அணிகள் புள்ளிகளில் சமமாக வந்து நிற்கும் வருஷத்தில், அவற்றைப் பிரிப்பதற்கு எந்தப் பிரமாணத்தை முதலில் வைத்திருக்கிறார்கள் என்பதே சாம்பியனை நிர்ணயித்துவிடுகிறது.

1924-ஆம் வருஷம் மே மாதம் இங்கிலாந்தின் முதல் டிவிஷன் கடைசி நாளை அடைந்தபோது, கார்டிஃப் சிட்டி 56 புள்ளிகளோடு முதல் ஸ்தானத்திலும், ஹெர்பர்ட் சாப்மன் நிர்வகித்த ஹடர்ஸ்ஃபீல்ட் டவுன் 55 புள்ளிகளோடு அதற்கு அடுத்தும் இருந்தன. அக்காலத்தில் வெற்றிக்கு இரண்டே புள்ளிகள். கார்டிஃப் பர்மிங்காமில் வென்றிருந்தால் பேச்சே எழுந்திராது; ஆனால் லென் டேவிஸ் அடித்த பெனால்டி வீணாகி, ஆட்டம் கோல் ஏதுமின்றி டிராவில் முடிந்தது. ஹடர்ஸ்ஃபீல்ட் தன் சொந்த மைதானத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியை 3-0 என்று வென்றது. இரண்டு அணிகளுக்கும் 57 புள்ளிகள்.

அந்நாளைய விதிப்படி, புள்ளிகள் சமமானால் கோல் சராசரியைப் பார்க்க வேண்டும். அடித்த கோல்களை வாங்கிய கோல்களால் வகுத்து வரும் ஈவே அந்தச் சராசரி. கார்டிஃப் 61 கோல் அடித்து 34 வாங்கியிருந்தது, ஈவு 1.794. ஹடர்ஸ்ஃபீல்ட் 60 அடித்து 33 வாங்கியிருந்தது, ஈவு 1.818. ஆயிரத்தில் 24 பங்கு வித்தியாசத்தில் ஹடர்ஸ்ஃபீல்ட் சாம்பியன் ஆயிற்று. கார்டிஃப்புக்கு அந்தப் பட்டம் இன்றுவரை கிட்டவில்லை.

இதில் நான் மிகவும் ரசிப்பது, அன்றைய பிற்பகலில் ஒவ்வொரு கோலும் என்ன செய்திருக்கக்கூடும் என்ற கணக்கைத்தான். ஆட்டத்துக்கு முன் ஹடர்ஸ்ஃபீல்டின் கணக்கு 57-க்கு 33. இரண்டு கோலோடு அவர்கள் நின்றிருந்தால் 59-ஐ 33-ஆல் வகுத்து 1.788 கிடைக்கும், பட்டம் கார்டிஃப்புக்கு. மூன்று அடித்து ஒன்று வாங்கியிருந்தால் 1.765 ஆகி, இரண்டு கோல் வெற்றியைக் காட்டிலும் நிலைமை மோசமாகியிருக்கும். நான்கு அடித்து ஒன்று வாங்கியிருந்தாலோ 61-க்கு 34. கார்டிஃப்பின் எண்களே எழுத்துப் பிசகாமல் வந்து நின்று, அதிகாரிகளைத் திகைக்க வைத்திருக்கும். மூன்று கோல் வித்தியாசத்தில் வென்றால் போதும் என்பதில்லை, ஒன்றுகூட வாங்காமல் வெல்ல வேண்டும் என்பதே வகுத்தலின் சுபாவம். அது அடிப்பதைவிட வாங்காமலிருப்பதற்கு அதிக மதிப்புத் தருகிறது. பருவத்தின் ஆரம்பத்தில், இன்னும் ஒரு கோலும் வாங்காத அணிக்குப் பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்து, சராசரி என்ற கட்டமே பொருளற்றுப் போவதும் இந்த முறையின் விசேஷம்.

இன்றைக்குள்ளபடி வெற்றிக்கு மூன்று புள்ளிகள் அன்று இருந்திருந்தால், 23 வெற்றிகளும் 11 டிராவும் கண்ட ஹடர்ஸ்ஃபீல்டுக்கு 80-உம், 22 வெற்றிகளும் 13 டிராவும் கண்ட கார்டிஃப்புக்கு 79-உம் கிடைத்து, வகுத்தலுக்கு வேலையே இருந்திராது.

1976-77 பருவத்தில் இங்கிலாந்து வகுத்தலை விட்டுக் கழித்தலுக்கு மாறியது. அடித்தவற்றிலிருந்து வாங்கியவற்றைக் கழித்தால் கோல் வித்தியாசம். அதுவும் சமமானால் அதிகக் கோல் அடித்த அணி முன்னே. இந்த அளவுகோலைக் கொண்டு 1924-ஐ மறுபடி அளந்தால், இரு அணிகளுக்கும் வித்தியாசம் 27. 61 கோல் அடித்த கார்டிஃப்தான் சாம்பியன்.

இதற்கு நேர்மாறான சம்பவம் 1989 மே 26-ஆம் தேதி இரவு லிவர்பூலின் ஆன்ஃபீல்ட் மைதானத்தில் நடந்தது. ஹில்ஸ்பரோ விபத்தினால் ஒத்திவைக்கப்பட்டிருந்த அந்த ஆட்டம், முதலிரண்டு ஸ்தானங்களில் இருந்த அணிகளுக்கிடையே பருவத்தின் கடைசி ஆட்டமாக வந்து சேர்ந்தது. லிவர்பூலுக்கு 76 புள்ளிகள், 65 அடித்து 26 வாங்கி வித்தியாசம் 39. ஆர்சனலுக்கு 73 புள்ளிகள், 71 அடித்து 36 வாங்கி வித்தியாசம் 35. ஆர்சனல் ஒரு கோலில் வென்றால் புள்ளிகள் சமமாகும். வித்தியாசம் 36-உம் 38-உம் ஆகி லிவர்பூலே முந்தி நிற்கும். எதிரிக்கே எதிராக அடிக்கும் கோல் நம் கணக்கில் ஒன்றைக் கூட்டி அவர்கள் கணக்கில் ஒன்றைக் குறைப்பதால், நான்கு என்ற இடைவெளியை இரண்டே கோல்கள் அடைத்துவிடும். ஆலன் ஸ்மித் ஒன்று அடித்தார். ஆட்ட நேரம் முடிந்து, விரயமான நிமிஷங்களுக்கு ஈடாகக் கொடுத்த நேரத்தில் மைக்கேல் தாமஸ் இரண்டாவதை அடித்தார். இருவருக்கும் 76 புள்ளிகள், இருவருக்கும் வித்தியாசம் 37. அடித்த கோல்கள் ஆர்சனலுக்கு 73, லிவர்பூலுக்கு 65. பட்டம் லண்டனுக்குப் போயிற்று. பழைய வகுத்தல் முறை நீடித்திருந்தாலோ, ஆர்சனலின் ஈவு 2.03, லிவர்பூலின் ஈவு 2.32, தாமஸின் கோல் ஒரு நல்ல ஆட்டத்தின் நல்ல கோலாக மட்டும் நினைவில் தங்கியிருக்கும்.

வகுத்தலாயினும் கழித்தலாயினும், இங்கிலாந்தின் முறையில் ஒரு பொதுக் குணம் உண்டு. ஓர் ஆட்டம் முடிந்தால் அதில் ஆடிய இரண்டு அணிகளின் எண்கள்தாம் மாறும். ஆடாத இரண்டு அணிகள் தங்களுக்குள் முன்பின் மாறிக்கொள்ள வழியே இல்லை. ஸ்பெயினில் இந்த நிச்சயம் கிடையாது. அங்கே புள்ளிகள் சமமானால், அந்த அணிகள் ஒன்றையொன்று எதிர்த்து ஆடிய ஆட்டங்களே முதல் பிரமாணம். 2006-07 பருவத்தில் ரியல் மாட்ரிடும் பார்சலோனாவும் 76 புள்ளிகளில் முடித்தபோது, பார்சலோனாவின் கோல் வித்தியாசம் 45, மாட்ரிடினுடையது 26. ஆயினும் மாட்ரிட் தன் ஊரில் 2-0 என்று வென்று, பார்சலோனாவில் 3-3 என்று டிரா செய்திருந்ததால் பட்டம் மாட்ரிடுக்கே. கடைசி நாளில் பார்சலோனா அடித்த ஐந்து கோல்களும் இந்தக் கணக்கில் செல்லாக் காசுகள்.

சிக்கல் மூன்றாவது அணி வந்து சேரும்போது பிறக்கிறது. க, ச என்ற இரண்டு அணிகள் சமமாக இருக்கின்றன. தங்களுக்குள் க ஒன்றில் வென்று ஒன்றில் டிரா செய்திருப்பதால் க மேலே. மறுநாள் த வேறெங்கோ வென்று அவர்களோடு சமமாகிறது. இனி மூவருக்குள் நடந்த ஆட்டங்களை மட்டும் எடுத்துத் தனியாக ஒரு சிறு பட்டியல் போட வேண்டும். த-வை ச இருமுறையும் வென்றிருக்க, க-வை த இருமுறையும் வென்றிருந்தால், அச்சிறு பட்டியலில் ச-வுக்கு 7, த-வுக்கு 6, க-வுக்கு 4. நேற்று முதலில் இருந்த க, அன்று பந்தைத் தொடாமலே கடைசிக்கு இறங்கிவிடுகிறது. ச-வும் ஆடாமலே மேலேறுகிறது. ஆகையால் அங்கே பட்டியல் எழுதுகிறவர் இரண்டிரண்டு அணிகளாக ஒப்பிட்டு வரிசைப்படுத்த முடியாது. ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்பும் ஒரே புள்ளியில் நிற்பவர்களை எல்லாம் முதலில் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் சிறு பட்டியலைப் புதிதாகப் போட வேண்டும். அந்த அணிகளுக்குள் நடக்க வேண்டிய ஆட்டங்கள் எல்லாம் முடியாதவரை இந்தப் பிரமாணம் செல்லாது என்பதும் அங்குள்ள விதி. ஆதலால் பருவத்தின் நடுவில் கோல் வித்தியாசத்தைக் கொண்டு மேலே நின்ற அணி, இரண்டாவது ஆட்டம் முடிந்த இரவில், மொத்த எண்கள் இன்னும் தனக்கே சாதகமாக இருந்தும் கீழே இறங்க நேர்கிறது.