செருப்பு நழுவுகிறது: கோளாறு இடுப்பிலா, முழங்காலிலா?

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த கான்சாபுரத்தில் ஒரு விவசாயி இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு நாள் விடாமல் குந்தி உட்கார்ந்து களை பிடுங்கினார். மூன்றாம் நாள் காலை எழுந்து நடந்தால், வலது காலில் செருப்பு நிற்கவில்லை, நழுவி விழுகிறது. பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. புறங்காலைத் தொட்டால் மரத்துப்போயிருக்கிறது.

"இடுப்பில் ஜவ்வு விலகியிருக்கும், அண்ணாச்சி!" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

இருக்கலாம். ஆனால் வைத்திய மாணவன் அவசரப்பட்டுத் தலையாட்டக் கூடாது. இங்கே சந்தேகத்துக்கு இடமானவை இரண்டு.

காலில் ஒரு தேசப்படம்

முதுகுத்தண்டிலிருந்து நரம்புகள் 31 ஜோடி வேர்களாகப் புறப்படுகின்றன. ஏறக்குறைய ஒவ்வொரு வேருக்கும் தோலில் ஒரு பட்டை சொந்தம். அக்கி வந்தவர்களைப் பார்த்திருப்பீர்கள். கொப்புளம் உடம்பெங்கும் வராது; ஒரு பக்கமாகப் பட்டை போட்டது போல வரும். நம் ஊரில் அதன்மேல் காவி மண்ணால் அக்கி எழுதுவார்கள். லண்டனில் ஹென்றி ஹெட் என்ற டாக்டர் அந்தப் பட்டைகளைக் கவனித்து, எந்த வேருக்கு எந்த இடம் என்று படம் வரைந்தார். அவரும் காம்பெல் என்ற டாக்டரும் 1900-ல் அதை வெளியிட்டார்கள்.

காலைப் பொறுத்தவரை முக்கியமான வேர்கள் மூன்று. இடுப்பின் நான்காம் வேர் கெட்டால் முன்னங்காலின் உட்பக்கம் மரக்கும். முழங்காலில் தட்டினால் கால் துள்ளுவது குறையும். ஐந்தாம் வேர் கெட்டால் முன்னங்காலின் வெளிப்பக்கம், புறங்கால், கட்டைவிரல் மரக்கும். கட்டைவிரலை மேலே நிமிர்த்த வலு இராது. அதற்குக் கீழே உள்ள திரிக முதல் வேர் கெட்டால் சுண்டுவிரலும் பாதத்தின் வெளி ஓரமும் மரக்கும். நுனிக்காலில் நிற்க முடியாது.

மாணவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. நான்காம் எலும்புக்கும் ஐந்தாம் எலும்புக்கும் நடுவே ஜவ்வு பிதுங்கினால், பெரும்பாலும் நசுங்குவது நான்காம் வேர் அல்ல, ஐந்தாம் வேர்தான். நான்காம் வேர் அதற்கு மேலேயே வெளியேறிவிடுகிறது.

இரண்டாவது சந்தேகம்

நம் விவசாயியின் புறங்கால் மரத்திருக்கிறது, கட்டைவிரல் நிமிரவில்லை. படப்படி பார்த்தால் ஐந்தாம் வேர்! ஆனால் முழங்காலின் வெளிப்பக்கத்தில், சற்றுக் கீழே, ஓர் எலும்பு முண்டு கைக்குத் தட்டுப்படும். அதைச் சுற்றி, தோலுக்கு அடியிலேயே ஒரு நரம்பு ஓடுகிறது. பாதத்தைத் தூக்குவது அதன் வேலை. மணிக்கணக்காகக் குந்தி உட்கார்ந்தால் அது நசுங்கும். அப்போதும் செருப்பு இதேபோல்தான் நழுவும்.

எப்படிப் பிரித்தறிவது? இங்கே தோலை நம்பிப் பயனில்லை. பக்கத்துப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படர்வதால், ஒரே ஒரு வேர் கெட்டால் மரத்த இடம் படத்தில் உள்ளதைவிடச் சிறியதாகவே இருக்கும். தசையைத்தான் கேட்க வேண்டும்.

பாதத்தைக் கீழ்நோக்கி நீட்டச் சொல்லி, அப்படியே உட்பக்கம் திருப்பச் சொல்ல வேண்டும். டாக்டர் கையால் தடுத்துப் பார்க்க வேண்டும். பிறகு இடது பக்கமாகப் படுக்கவைத்து, வலது காலை முழுசாக மேலே தூக்கச் சொல்ல வேண்டும். இவ்விரு வேலைகளுக்கும் ஐந்தாம் வேரின் சக்தி வேண்டும். ஆனால் அந்தச் சக்தி வரும் வழி வேறு; முழங்கால் முண்டைச் சுற்றி வருவதில்லை. ஆகவே இவ்விரண்டும் தளர்ந்திருந்தால் கோளாறு இடுப்பில். இரண்டும் பலமாக இருந்தால் முழங்காலில்.

விவசாயி திடமாகத் திருப்புகிறார், காலையும் தூக்குகிறார். முதுகுவலி கிடையாது. அந்த முண்டின் அருகே விரலால் தட்டியதும் புறங்கால்வரை சுரீர் என்கிறது. குற்றவாளி அகப்பட்டான்!

இந்தச் சோதனை இல்லாமல் நேரே எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜவ்வுப் பிதுக்கம் வலியே இல்லாத பலரிடமும் படத்தில் தெரியும். அதைப் பார்த்து இடுப்பில் கத்தி வைத்திருந்தால், செருப்பு நழுவிக்கொண்டேதான் இருந்திருக்கும். இவருக்கு வேண்டியது, குந்துவதையும் கால்மேல் கால் போடுவதையும் நிறுத்துவது, பாதம் தொங்காமல் தாங்கும் பட்டை. நசுக்கம் லேசானால் சில வாரங்களிலோ மாதங்களிலோ பலம் திரும்பும்.

அதே இடத்தில் நரம்பு கயிறு போலத் தடித்திருந்தால், தோலில் வெளிறிய, உணர்ச்சியற்ற தேமல் உண்டா என்று தேட வேண்டும். அது தொழுநோயாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. இரண்டு பாதங்களும் காலுறை போட்டதுபோல் சமமாக மரத்தால், வேர்ப் படத்தை மூடிவிட்டுச் சர்க்கரையைச் சோதிக்க வேண்டும்.

ஒரே ஒரு நிலையில் சாவகாசமாகச் சோதித்துக்கொண்டிருக்க நேரமில்லை. உட்காரும்போது தரையில் படும் இடம் மரத்து, சிறுநீரும் இறங்காவிட்டால், தண்டின் அடியில் பல வேர்கள் ஒன்றாக நசுங்குகின்றன என்று பொருள். அவரை அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.